கான்கிரீட்டுக்கு முந்தைய நாள்

சொந்த வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் நாளில் சைட்டுக்குப் போகத் தவறுவதில்லை. பூஜை, தேங்காய், வேலையாட்களுக்குச் சாப்பாடு, மிக்சர் ஓடும் சத்தம் என்று அன்றைக்கு அது ஒரு விசேஷ வீடு. போக வேண்டியதுதான். ஆனால், சரிபார்க்க வேண்டிய நாள் அது அல்ல. ரெடிமிக்ஸ் லாரி தெருமுனையில் வந்து நிற்கும்போது, 'இந்த இடத்தில் ஒரு கம்பி குறைகிறதே' என்று நீங்கள் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். "அதெல்லாம் தாங்கும் சார், பயப்படாதீங்க" என்பார் மேஸ்திரி. கலவை இறுகத் தொடங்கிவிடும் என்ற அவசரம் அவருக்கு. நீங்களும் பேசாமல் நகர்ந்துவிடுவீர்கள்.

வீட்டுக்காரர் போக வேண்டியது முந்தைய நாள் மாலை. வேலை முடிந்திருக்கும், வெளிச்சம் இருக்கும், தவறு இருந்தால் திருத்திக்கொள்ள மறுநாள் காலை வரை நேரம் இருக்கும். அப்படிப் போகும்போது பார்க்க வேண்டியவை மூன்று: மார்க்கிங், மட்டம், கம்பி. பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் வேறு அடிக்கலாம், டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் போடலாம். இந்த மூன்றில் வரும் பிழை மட்டும் கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் வெளியே எடுக்க வழியில்லை.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. 100 அடி டேப் ஒன்று, 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று, சாக்பீஸ், செல்போன், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கின் பிரின்ட். இந்தக் கடைசிப் பொருள்தான் பல சைட்டுகளில் இருப்பதில்லை. அனுமதி வாங்கிய பிளான் மட்டும் இருக்கும். எந்தப் பில்லரில் எத்தனை கம்பி என்பது மேஸ்திரியின் அனுபவத்தில் இருக்கும். எழுதப்பட்ட ஒன்றோடு ஒப்பிட்டால்தான் அது சரிபார்த்தல். டிராயிங் இல்லாத சைட்டில் வீட்டுக்காரர் எத்தனை முறை போய் நின்றாலும் பயனில்லை. வானம் தோண்டுவதற்கு முன்பே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் டிராயிங் வாங்கிவிடுங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு.

விஷயத்தை எளிதாக்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மனை 33 அடிக்கு 50 அடி. தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். நான்கு மூலைப் பில்லர்களின் மையத்திலிருந்து மையம் வரை அகலம் 24 அடி, நீளம் 32 அடி.

முதலில் மார்க்கிங். மேஸ்திரி நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருப்பார். மறுநாள் ஜேசிபி வரும். வீட்டுக்காரர் வழக்கமாகச் செய்வது, நீளத்தையும் அகலத்தையும் டேப் பிடித்துப் பார்ப்பது. இங்கே 24, அங்கே 32, எதிர்ப்பக்கமும் அதே அளவு. சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால், நான்கு பக்கமும் சரியாக இருந்துகொண்டே வீடு கோணலாக இருக்க முடியும். செவ்வகம் சாய்ந்து நின்றாலும் அதன் பக்கங்களின் நீளம் மாறாது. சாய்வைக் காட்டிக்கொடுப்பவை மூலைவிட்டங்கள்தான்.

கொத்தனார் மூலைமட்டம் வைத்துத்தான் செங்கோணம் பிடிப்பார். அதன் ஒரு கை சுமார் இரண்டு அடி. அந்த இரண்டு அடியில் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. அதே கோட்டை 32 அடிக்கு நீட்டினால் பிசகு பதினாறு மடங்காகி இரண்டு அங்குலம் ஆகிவிடும். அதனால் மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல், டேப் வைத்துப் பெரிய முக்கோணம் போடச் சொல்லுங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 12 அடி, மறுபக்கம் 16 அடி குறித்தால், அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 20 அடி வர வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து என்று மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் இது. முக்கோணம் பெரிதாக இருந்தால் பிழை சிறிதாக இருக்கும்.

பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் நீங்களே அளந்து பாருங்கள். 24க்கு 32 என்றால் மூலைவிட்டம் துல்லியமாக 40 அடி. மேலே சொன்ன இரண்டு அங்குலச் சாய்வு வந்திருந்தால் ஒரு மூலைவிட்டம் 40 அடி ஒன்றேகால் அங்குலமும், மற்றது 39 அடி பத்தேமுக்கால் அங்குலமும் காட்டும். வித்தியாசம் ஏறக்குறைய இரண்டரை அங்குலம். இந்த அளவு வீட்டுக்கு அரை அங்குல வித்தியாசம் வரை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் முளையை நகர்த்தச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி போட அரை மணி நேரம் ஆகும். விட்டுவிட்டால், 12 அடி அறையில் டைல்ஸ் போடும் நாளில், சுவரோரம் ஒரு முனையில் முக்கால் அங்குலம் தொடங்கி மறுமுனையில் ஒன்றுமில்லாமல் முடியும் கீற்றுத் துண்டுகளாக அந்தப் பிழை வந்து நிற்கும்.

அளக்கும்போது ஒரு கவனம். ஃபைபர் டேப் இழுத்தால் நீளும், தொய்ந்தால் அதிகம் காட்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் ஒரே டேப்பால், ஒரே ஆளை வைத்து, ஒரே அளவு இழுப்பில் அளந்தால் அந்தக் குறை இரண்டுக்கும் பொதுவாகிவிடும். நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

இடையிலுள்ள பில்லர்களை ஒவ்வோர் அறையாகத் தனித்தனியே அளந்து குறிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். 11 அடி குறித்து, அங்கிருந்து மறுபடி 11, அங்கிருந்து 10 என்று போனால் ஒவ்வொரு முறையும் சேரும் கால், அரை அங்குலம் கடைசிப் பில்லரில் போய்க் குவியும். டேப்பின் பூஜ்ஜியத்தை முதல் பில்லரில் பிடித்துவிட்டு 11, 22, 32 என்று ஒரே இழுப்பில் குறிக்க வேண்டும். அந்த அளவுகள் சுவரின் வெளிமுகத்துக்கா, பில்லரின் மையத்துக்கா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 9 அங்குலச் சுவரில் இந்தக் குழப்பம் ஒரு பக்கத்துக்கு நாலரை அங்குலத்தை விழுங்கிவிடும். அனுமதி வாங்கிய பிளானில் காட்டிய பக்க இடைவெளி குறைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

மனையே செவ்வகமாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பத்திரத்தில் 33க்கு 50 என்று இருக்கும், புலப்படத்தில் பின்பக்கம் 32 அடிதான் இருக்கும். எல்லைக் கற்களுக்கு இடையே நான்கு பக்கமும் அளந்து பார்த்துவிட்டு, இடைவெளி எந்தப் பக்கம் நெருக்கமோ அந்தப் பக்க எல்லைக்கு இணையாக வீட்டின் முதல் கோட்டைப் போடச் சொல்வதுதான் என் யோசனை. கோணல் மிச்சம் முழுவதும் இடம் தாராளமாக இருக்கும் பக்கம் போய்விடும்.

மார்க்கிங் சரியாக இருந்தும் பில்லர் இடம் மாறுவது உண்டு. ஜேசிபி வாளி முளையைப் பிடுங்கிவிடும். அதனால் கோட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி, தோண்டும் எல்லைக்கு வெளியே முளைகள் இருக்க வேண்டும். பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் இருந்தால் அதில் ஆணி அடித்துப் பெயின்ட்டால் குறித்துவைப்பது இன்னும் நல்லது. குழி தோண்டி, அடியில் பிசிசி போட்டு, மேட் கம்பி விரித்துப் பில்லர் கம்பியை நிறுத்திய பிறகு அதே முளைகளில் மறுபடி நூல் கட்ட வேண்டும். நூல்கள் வெட்டும் இடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பில்லர் கம்பிக் கூட்டின் நடுவில் இறங்க வேண்டும். ஃபுட்டிங் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் மாலையில் இந்த ஒன்றைப் பார்த்தால் போதும்.

இது தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபுட்டிங் இறுகிய பிறகு பில்லர் இரண்டு அங்குலம் தள்ளி நிற்பது தெரியவரும். வேலையாள் ஒரு இரும்புக் குழாயைக் கம்பியில் மாட்டி நெம்பி, அடியிலேயே மடக்கி நேர்கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும். மேலேயிருந்து வரும் சுமையோ நேராக இறங்காமல் அந்த மடக்கில் பக்கவாட்டில் தள்ளும். கம்பியை வளைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஆறுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மேல் போகக் கூடாது. அதாவது, ஒரு அங்குலம் நகர்த்த ஆறு அங்குல உயரம் வேண்டும். ஃபுட்டிங் மேல்முகத்தை ஒட்டிச் சட்டென்று மடக்கிய கம்பியைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினீயரை அழையுங்கள். தீர்வை அவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது மட்டம். இதற்கு முதலில் வேண்டியது அசையாத ஒரு குறி. தெருவின் நடு உயரத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று அடி உயரத்தில் பக்கத்து வீட்டுச் சுவரிலோ, பழைய காம்பவுண்டிலோ சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு. இனி வீட்டில் எந்த உயரமும் இந்தக் கோட்டிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். தெருவிலிருந்து ஒரு நாள், குவித்த மண்ணிலிருந்து ஒரு நாள் என்று அளக்கிற சைட்டில் முன்வாசலும் பின்வாசலும் ஒரே உயரத்தில் வராது.

உயரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக இன்றும் நம் சைட்டுகளில் தண்ணீர் டியூப்தான். அது நல்ல கருவி, ஏமாற்றாது, ஆனால் டியூபுக்குள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. அளப்பதற்கு முன் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் டியூப் சரி. ஒரு முனையில் நூலளவு மேலே நின்றாலும் உள்ளே எங்கோ குமிழி இருக்கிறது. வெயிலில் கிடந்த டியூப் என்றால் தண்ணீரை மாற்றிவிட்டுத் தொடங்கலாம். அளக்கும்போது இரண்டு முனைகளிலும் கட்டைவிரல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முனை மூடியிருந்தால் தண்ணீர் நகராது.

நம் வீட்டில் பேஸ்மட்டத்தின் மேல்முகம் தெருவிலிருந்து இரண்டரை அடி என்று வைத்துக்கொள்வோம். சிவப்புக் கோட்டுக்கு ஆறு அங்குலம் கீழே. பிளிந்த் பீம் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள், சென்ட்ரிங் பலகையின் மேல்விளிம்பை நான்கு மூலைகளிலும் நடுவிலும் டியூப் வைத்துப் பாருங்கள். கோட்டிலிருந்து எல்லா இடத்திலும் அதே ஆறு அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. ஒரு அங்குலம் வித்தியாசம் வந்தால் பலகையை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். கட்டுவேலையில் அந்த ஒரு அங்குலத்தைக் கலவையை நிரப்பி மறைப்பார்கள், அது ஜன்னல் மட்டத்திலும் லின்டலிலும் ரூஃபிலும் கூடவே ஏறி வரும்.

எவ்வளவு உயரம் என்பதில் இரண்டு கணக்குகள் உண்டு. சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. நம் ஊர்த் தெருக்களுக்கு அது போதாது. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போய், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும் பழைய வீடுகள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்த வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும். எதிர்வீட்டு வாசற்படிகள் எத்தனை மண்ணுக்குள் போயிருக்கின்றன என்று பார்த்தால் உங்கள் தெரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைக் கூட்டிக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு கணக்கு கழிவுநீர். நம் வீட்டின் பின்பக்கக் கழிவறையிலிருந்து தெருவோரச் சேம்பர் வரை 45 அடி குழாய் ஓட வேண்டும். நாலு அங்குலக் குழாய்க்குச் சுமார் 60 அடிக்கு ஒரு அடி இறக்கம் தேவை. 45 அடிக்கு 9 அங்குலம் ஆகிறது. கழிவறைத் தரைக்குக் கீழே ஒன்றேகால் அடியில் குழாய் தொடங்கினால், தெருவோரத்தில் அது தெரு உயரத்திலிருந்து அரை அடி மேலே இருக்கும். அதற்குக் கீழே சேம்பரும் தெருக்குழாயும் இருக்கின்றன, ஆக நம் வீடு தப்பித்தது. பேஸ்மட்டத்தை ஒன்றரை அடியில் நிறுத்தியிருந்தால் அதே குழாய் தெருமட்டத்துக்கு அரை அடி கீழே வந்திருக்கும். தெருக்குழாய் ஆழமாக இல்லாத பகுதியிலோ, செப்டிக் டேங்க் வைக்கும் வீட்டிலோ இது பெரிய தலைவலி. சேம்பர் மூடியைத் திறந்து உள்ளே குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பேஸ்மட்டத்தை முடிவு செய்யும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

இனி கம்பி. இதற்குத்தான் மாலையில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். குறிப்பாக ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்.

கம்பி வந்திறங்கிய நாளிலேயே ஒரு சின்னச் சோதனை செய்துவிடலாம். 12 மில்லிமீட்டர் கம்பியில் சரியாக ஒரு மீட்டர் துண்டு வெட்டி, காய்கறிக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 888 கிராம் வர வேண்டும். தரக்குறியீடு ஐந்தாறு சதவீதக் குறைவை அனுமதிக்கிறது. 835 கிராமுக்குக் கீழே இறங்கினால் கம்பி மெலிந்தது என்று பொருள். 8 மில்லிமீட்டருக்கு 395 கிராம், 10க்கு 617, 16க்கு ஒரு கிலோ 580 கிராம். கம்பியின் மேலேயே கம்பெனிப் பெயரும் அளவும் தரமும் உருட்டிப் பதித்திருக்கும், அதையும் டிராயிங்கில் கேட்ட தரத்தோடு ஒப்பிடுங்கள்.

கட்டிய கம்பியைச் சரிபார்க்கும் எளிய வழி எண்ணுவது. 10 அடிக்கு 14 அடி அறை ஒன்றின் ரூஃபுக்கு, குறுக்கே 10 மில்லிமீட்டர் கம்பி 6 அங்குல இடைவெளியில் என்று டிராயிங் சொல்கிறது. இரண்டு கம்பிகளுக்கு இடையே டேப் வைத்துப் பார்க்காதீர்கள். நீங்கள் பார்க்கும் இடத்தில் 6 இருக்கும், அடுத்த இடத்தில் 8 இருக்கும். 14 அடி நீளம் முழுவதும் எண்ணுங்கள். 29 கம்பிகள் இருக்க வேண்டும். 25தான் இருந்தால் இடைவெளி 7 அங்குலமாகிவிட்டது. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் அந்த அறையின் ரூஃப் கம்பியில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. 10 அடிப் பக்கமாக ஓடும் இந்தக் கம்பிகள்தான் அடி அடுக்கில் இருக்க வேண்டும், 14 அடிப் பக்கக் கம்பிகள் அவற்றின் மேல். குறுகிய பக்கம்தான் அதிகச் சுமையைச் சுமக்கிறது. இதை மாற்றிக் கட்டிவைப்பது அபூர்வமல்ல.

அடுத்து, குனிந்து கம்பிக்கும் பலகைக்கும் நடுவே பாருங்கள். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால், பலகையைப் பிரித்ததும் கம்பி வெளியே தெரியும். பூசி மறைத்தாலும் ஈரம் போய்ச் சேரும், துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்துச் சிமென்ட்டைத் தள்ளும். பழைய வீடுகளில் கூரை பெயர்ந்து விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடைவெளி இல்லாததுதான். வழக்கமாக ரூஃபுக்கு 20, பீமுக்கு 25, பில்லருக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர் கவர் கொடுப்பார்கள். கடலோர ஊர்களில் இன்னும் கூட்டிக் கொடுக்கச் சொல்லி டிராயிங்கில் இருக்கும். அதற்குரிய கவர் பிளாக் மூன்று, மூன்றரை அடிக்கு ஒன்று இருக்கிறதா, கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜல்லித் துண்டைச் சொருகி வைத்திருந்தால் ஏற்காதீர்கள். ஆள் நடந்தால் ஜல்லி உருண்டுவிடும். சைட்டிலேயே மிச்சக் கலவையில் செய்த பிளாக்கைக் கையில் எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்கே கொண்டுபோகும்.

பில்லரில் பார்க்க வேண்டியது ரிங். மேலிருந்து பில்லர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ரிங்கின் இரண்டு நுனிகளும் தெரியும். அந்த நுனிகள் பில்லரின் நடுவை நோக்கி உள்ளே மடங்கியிருக்க வேண்டும். அதன் பெயர் 135 டிகிரி கொக்கி. 8 மில்லிமீட்டர் ரிங்கில், மடக்குக்குப் பிறகு நுனி குறைந்தது 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டிருக்க வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரக்குறியீடு சொல்லும் அளவு இது. பல சைட்டுகளில் நுனியை 90 டிகிரியில், ரிங்கின் பக்கத்தோடு ஒட்டினாற்போல மடக்கி விட்டுவிடுவார்கள். பில்லர் பெருஞ்சுமையில் நசுங்கும்போது வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த ரிங் திறந்துகொள்ளும். உள்ளே மடங்கிய கொக்கியை நடுக் கான்கிரீட் பிடித்துக்கொண்டிருக்கும்.

பீமும் பில்லரும் சேரும் இடத்தையும் தவறாமல் பாருங்கள். அங்கே நாலா பக்கத்திலிருந்தும் கம்பிகள் வந்து நெருக்குவதால் ரிங் போடுவது சிரமம். அதனாலேயே அந்த ஒன்றரை அடி உயரத்துக்கு ரிங்கே இல்லாமல் விட்டுவிடுவார்கள். "அங்கதான் இவ்வளவு கம்பி இருக்கே சார்" என்பது பதில். அத்தனை விசையும் திரும்புகிற இடம் அதுதான் என்பதால் டிராயிங்கில் அங்கேயும் ரிங் உண்டு. பீம் கம்பிகளை இறக்குவதற்கு முன்பே ரிங்குகளை உள்ளே போட்டுவைத்தால் சிரமம் இல்லை. இதை மட்டும் மாலையில் கண்டுபிடித்தால் திருத்துவது கஷ்டம், பீம் கம்பி இறங்கும் நாளிலேயே ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

கம்பி ஒட்டுப்போடும் இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் நீளத்தை அளந்து பாருங்கள். கம்பியின் தடிமனைப் போல ஐம்பது மடங்கு என்பது சைட்டில் நடக்கும் கணக்கு. 12 மில்லிமீட்டருக்கு இரண்டு அடி, 16க்கு இரண்டே முக்கால் அடி. டிராயிங்கில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. எல்லாக் கம்பிகளும் ஒரே இடத்தில் ஒட்டாமல் மாறி மாறி வர வேண்டும். பீமின் அடிக்கம்பி நடுப்பகுதியில் ஒட்டக் கூடாது, மேல்கம்பி பில்லரை ஒட்டி ஒட்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது பால்கனிக்கும் சன்ஷேடுக்கும்தான். அறையின் ரூஃப் இரண்டு பக்கமும் தாங்கப்பட்டு நடுவில் கீழே தொய்யப் பார்க்கும், அதனால் அடியில் கம்பி. பால்கனி ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் உள்ளது. அது முனையில் கீழே சாயப் பார்க்கும்போது மேல்முகம்தான் இழுபடும். ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அடியில் போட்டால் கம்பி போட்டும் போடாததுபோலத்தான்.

மேலே கட்டியிருந்தாலும் ஆபத்து முடிவதில்லை. நம் வீட்டில் நாலு அடி நீண்ட பால்கனி, 5 அங்குலக் கனம். மேலே 20 மில்லிமீட்டர் கவர் விட்டு 10 மில்லிமீட்டர் கம்பி. அடிமுகத்திலிருந்து கம்பியின் நடுவரை சுமார் 100 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது. பால்கனியின் பலம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கான்கிரீட் போடும் ஆட்கள் அதன் மேல் நடந்து கம்பியை ஒன்றரை அங்குலம் மிதித்து இறக்கிவிட்டால் உயரம் 60 மில்லிமீட்டர்ச் சொச்சமாகிவிடும். கம்பியின் எண்ணிக்கையும் தடிமனும் மாறவில்லை, பலத்தில் மட்டும் சுமார் 40 சதவீதம் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பலகை பிரித்த பிறகு பால்கனி சுவரோடு சேரும் இடத்தில், மேல்தளத்தில், நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடினால் அதுதான் முதல் அடையாளம்.

மாலையில் போகும்போது அந்தக் கம்பி மேல் ஏறி நின்று பாருங்கள். உங்கள் எடைக்கே அது அமுங்கினால் நாளைக்குப் பத்துப் பேர் நடக்கும்போது என்ன ஆகும்? கீழே சேர் கொடுத்திருக்க வேண்டும். கம்பியையே நாற்காலிக் கால்போல வளைத்துச் செய்யும் முட்டு அது. இரண்டு, மூன்று அடிக்கு ஒன்று இருந்தால் அமுங்காது. கம்பி அறைப்பக்கம் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்றும் அளந்து பாருங்கள். நாலு அடிப் பால்கனிக்கு உள்ளே குறைந்தது ஆறு அடி என்பது பொதுவான வழக்கம், டிராயிங்கில் அது எழுதியிருக்கும். பீமுக்குள் ஒரு அடி மட்டும் நுழைந்து நின்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் கான்கிரீட் போடக் கூடாது.

எலக்ட்ரீசியனும் பிளம்பரும் வேலையை முடித்த பிறகு போவதுதான் சரியான நேரம். ஃபேன் பாக்ஸ் வைக்கக் கம்பியை ஒதுக்கியிருப்பார்கள், குழாய் இறக்க ரிங்கை நகர்த்தியிருப்பார்கள், சில சமயம் வெட்டியும் இருப்பார்கள். கம்பி கட்டுபவர் போன பிறகு இது நடப்பதால், அவர் பார்த்துச் சரி என்று சொன்னது அப்போதே செல்லாமல் போய்விடுகிறது.

பார்த்ததில் குறை இருந்தால் கம்பி கட்டுபவரிடம் நேராக 'இதை மாற்று, அதைக் கூட்டு' என்று சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் சொன்னார் என்று அவர் ஒன்றைச் செய்து, அது இன்ஜினீயரின் கணக்கோடு முரண்பட்டால் பொறுப்பு யாருடையது என்ற சண்டை வரும். சாக்பீஸால் இடத்தைக் குறித்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, இன்ஜினீயருக்கும் மேஸ்திரிக்கும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். பில்லர் எண், டிராயிங்கில் உள்ள அளவு, சைட்டில் உள்ள அளவு, இவை மூன்றும் அதில் இருந்தால் போதும். திருத்திய பிறகு அவர்களிடமிருந்தும் ஒரு போட்டோ கேளுங்கள். காலைக்குள் முடியாது என்றால் ரெடிமிக்ஸைத் தள்ளிப்போடச் சொல்ல மாலையிலேயே போன் செய்துவிடலாம். அதற்காகவும்தான் முந்தைய நாள் போகச் சொல்கிறேன்.

கான்கிரீட்டின் கலவை விகிதம், மண்ணின் தாங்குதிறன், கம்பியின் கணக்கு சரிதானா என்பதெல்லாம் டேப்பில் அகப்படாதவை. அவற்றை இன்ஜினீயர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பி கட்டுபவர்களில் ஒருவரை, கொக்கியோடும் கட்டுக்கம்பியோடும், வேலை முடிகிற வரை மேலே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஆட்கள் நடக்கப் பலகை போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், கலவை வந்து விழுவதற்கு முன்னால் பால்கனிக் கம்பியையும் பீம்களின் மேல்கம்பியையும் தூக்கி மறுபடி சேரில் உட்காரவைப்பதும்தான் அவர் வேலை. அந்த ஒரு ஆள் கூலியை மேஸ்திரி கணக்கில் சேர்க்கவில்லை என்றால் நீங்களே கொடுத்துவிடுங்கள்.